சுண்ணாம்புக் கோடு தெரியும் உயரம்

ஒரு கிராமத்தை ட்ரோனில் படமெடுத்து வரைபடமாக்க வேண்டுமானால், எவ்வளவு உயரத்தில் பறப்பது என்பதைத் தரையில் எது தெரிய வேண்டும் என்பதுதான் தீர்மானிக்கிறது. 2020 ஏப்ரலில் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வமித்வா திட்டத்தில், ட்ரோன் கிளம்புவதற்கு முன் வீட்டுமனைகளின் எல்லைகளில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுகிறார்கள். அந்தக் கோடு 10 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். அது படத்தில் ஐயமின்றித் தெரிய, அகலவாக்கில் மூன்று பிக்சலாவது அதன்மேல் விழ வேண்டும். ஆக, ஒரு பிக்சல் தரையில் சுமார் 3 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

பரவலாகப் புழங்கும் 2 கோடி பிக்சல் கேமரா ஒன்றில் சென்சாரின் அகலம் 13.2 மில்லிமீட்டர், உயரம் 8.8; லென்ஸின் குவியத் தூரமும் 8.8. கணக்குப் போட இதைவிட வசதியான கேமரா கிடைக்காது. 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் ஒரு படத்தில் அடங்கும் தரை 150 மீட்டருக்கு 100 மீட்டர். அகலவாக்கில் 5,472 பிக்சல்கள் இருப்பதால் ஒரு பிக்சலுக்கு 2.7 சென்டிமீட்டர். சுண்ணாம்புக் கோட்டுக்கு இது போதும். பச்சை மண்டலத்தில் முன் அனுமதியின்றிப் பறக்க 2021 ட்ரோன் விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு 120 மீட்டர். அதற்குள்ளும் இது அடங்கிவிடுகிறது.

அடுத்தது, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு படிய வேண்டும் என்பது. ஒரே திண்ணையின் மூலை பல படங்களில் வெவ்வேறு கோணத்தில் விழுந்தால்தான், அது இருக்கும் இடத்தையும் உயரத்தையும் மென்பொருள் கணிக்க முடியும். நெருக்கமான வீடுகள் உள்ள ஊருக்குப் பறக்கும் திசையில் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் என்பது நல்ல தொடக்கம். அதன்படி 20 மீட்டருக்கு ஒரு படம். ஒரு பறப்புக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 45 மீட்டர். தரையில் உள்ள எந்தப் புள்ளியும் ஏறக்குறைய 16 படங்களில் பதிவாகும்.

ஊர் 400 மீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம் என்றால் எட்டுக் கோடுகள் போதும் என்று தோன்றும். ஆனால் கடைசித் தெருவை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே கேமரா பார்த்திருக்கும். மூலை வீடு ஆறு படங்களில் வந்தாலே அதிகம். அதனால் ஊருக்கு வெளியே சுமார் 50 மீட்டர் தள்ளும்படி இரு பக்கமும் ஒரு கோட்டைச் சேர்த்து, ஒவ்வொரு கோட்டையும் 500 மீட்டராக நீட்ட வேண்டும். பத்துக் கோடுகள், 260 படங்கள். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பறந்தால் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வேலை முடியும். பேட்டரியை மாற்றக்கூட வேண்டியதில்லை.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் தரைக்குத்தான். ஊர் நடுவே 20 மீட்டர் உயர மேல்நிலைத் தொட்டி நிற்கிறது. அதன் உச்சிக்கும் கேமராவுக்கும் இடைவெளி 80 மீட்டர்தான். அந்த மட்டத்தில் ஒரு படத்தின் பரப்பு 120-க்கு 80 ஆகச் சுருங்குகிறது. கோடுகளின் இடைவெளியோ மாறவில்லை. எனவே பக்கவாட்டுப் படிவு 62 சதவீதமாகவும் முன்படிவு 75 ஆகவும் இறங்கும். சமாளிக்கலாம். இன்னும் துல்லியமாக வரட்டுமே என்று 50 மீட்டரில் பறந்தால், அதே 80, 70 சதவீதத் திட்டத்தில் தொட்டி உச்சியின் பக்கவாட்டுப் படிவு சரிபாதிக்கு வந்துவிடும். படங்கள் நான்கு மடங்காகும். மாடிகளும் தென்னைகளும்தான் கெடும். தாழப் பறப்பவர் படிவைக் கூட்டியே ஆக வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வேறோர் இடத்தில். செயலியில் 100 என்று கொடுத்தால் ட்ரோன் அதைக் கிளம்பிய இடத்திலிருந்துதான் அளக்கிறது. மலையடிவார ஊரில் கீழே பேருந்து நிறுத்தத்தில் கிளப்பிவிட்டால், 25 மீட்டர் மேலே இருக்கும் மேலத்தெருவுக்கு அது 75 மீட்டரில்தான் பறக்கும். பக்கவாட்டுப் படிவு 60 சதவீதமாகிவிடும். ஏமாற்றுவது என்னவென்றால், தனித்தனியாகப் பார்க்கையில் அந்தத் தெருவின் படங்கள்தான் எல்லாவற்றையும்விடக் கூர்மையாக இருக்கும். ஊரின் மேட்டில் நின்று கிளப்பினால் படிவு எங்கும் குறையாது; பள்ளத்தில் பிக்சல் மட்டும் சற்றுப் பெரிதாகும். சரிவு அதிகமென்றால் தரையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றிப் பறக்கும் வசதியைப் பயன்படுத்தலாம்.

படிவு போதாமல் போனதை, படங்களை இணைத்த பிறகு கூரை விளிம்புகளே காட்டிக்கொடுக்கும். நேராக ஓட வேண்டிய ஓட்டுக்கூரையின் ஓரம் உருகிய மெழுகு போல் நெளியும். மின்கம்பம் இரண்டாக ஒடிந்து நிற்கும். ஒவ்வோர் இடமும் எத்தனை படங்களில் விழுந்தது என்று நிறத்தால் காட்டும் படத்தை மென்பொருளின் அறிக்கையில் பார்த்தால், அந்த இடங்கள் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும். கண்மாய்த் தண்ணீர் மட்டும் விதிவிலக்கு. அலையும் நீர்ப்பரப்பில் இரு படங்களுக்குப் பொதுவான புள்ளி கிடைக்காது. 90 சதவீதப் படிவு வைத்தாலும் அங்கே ஓட்டை விழும். கரையை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டு, நீர்ப்பரப்பைக் கையால் நிரப்பிக்கொள்வதே வழக்கம்.