மௌனம் சம்மதம் அல்ல! குழந்தைகளிடம் பேட்டி எடுக்கும் முன் கேட்கவேண்டிய இரண்டு அனுமதிகள்

சிவகாசிப் பக்கம் எங்கே வெடிவிபத்து நடந்தாலும் சில மணி நேரத்தில் கேமராக்கள் வந்துவிடும். எம். புதுப்பட்டி வட்டாரத்துக்கும் இது பழகிய காட்சிதான். பத்திரிகையாளர்கள் மட்டுமல்ல... ஆய்வு மாணவர்கள், தொண்டு நிறுவனத்தினர், யூடியூபர்கள் எனப் பலரும் கேட்பது ஒன்றைத்தான்: "குழந்தைகளிடம் கொஞ்சம் பேசலாமா?"

குழந்தைகளின் வார்த்தைக்கு வலிமை உண்டு. 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம், இந்தப் பகுதியின் குழந்தைத் தொழிலாளர் நிலையை வெளியுலகுக்குக் காட்டியது. அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது நிரம்பாத யாரையும் பட்டாசுத் தயாரிப்பில் ஈடுபடுத்தக் கூடாது. மீறினால் வேலை கொடுத்தவருக்குச் சிறைத்தண்டனை வரை உண்டு. எனவே, "நானும் வேலை செய்றேன்" என்று ஒரு குழந்தை சொன்னால், அது வெறும் பேட்டி அல்ல, ஒரு குற்றத்துக்கான சாட்சியம். அதன் பின்விளைவு அந்தக் குழந்தையின் வீட்டுக்குத்தான் முதலில் வரும்.

அம்மா சொன்ன 'சரி' போதுமா?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 13 வயதுச் சிறுமி. பள்ளி விட்டு வந்ததும் வீட்டில் பட்டாசு வேலைக்குக் கைகொடுக்கிறாள். அந்த வேலையைக் கொடுக்கும் ஏஜென்ட்டிடம் குடும்பம் முன்பணம் வாங்கியிருக்கிறது. அதே ஏஜென்ட்தான் பேட்டி எடுப்பவரை வீட்டுக்கு அழைத்து வருகிறார். இப்போது அம்மா எப்படி 'முடியாது' என்பார்?

அந்தச் 'சரி' கடனுக்குச் சொன்ன சரி. அதனால் அறிமுகம் செய்துவைப்பவர் வேலை கொடுப்பவராக இருக்கக் கூடாது. பள்ளி ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர் போல, அந்தக் குடும்பம் கடன்படாத ஒருவராக இருப்பது நல்லது. எதற்காகக் கேட்கிறோம், எங்கே வெளியாகும், யாரெல்லாம் பார்ப்பார்கள் என்பதைப் பெற்றோரிடம் ஏஜென்ட் இல்லாத நேரத்தில் சொல்ல வேண்டும்.

குழந்தையின் 'சரி' தனி!

பெற்றோர் தருவது ஒப்புதல். குழந்தை தருவது இசைவு. முதலாவது இருந்தாலும் இரண்டாவது இல்லையென்றால் பேட்டி கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், ஆய்வுகளில் சேரும் குழந்தைகளிடம் 7 வயதிலிருந்தே வாய்மொழி இசைவு கேட்கச் சொல்கின்றன. 12 வயதுக்கு மேல் எழுத்துபூர்வமாக. மருத்துவ ஆய்வுக்கு எழுதப்பட்டதென்றாலும் பேட்டிக்கும் இது நல்ல அளவுகோல்.

கேட்பதும் குழந்தைக்குப் புரியும் பேச்சில் இருக்க வேண்டும். "நான் சில கேள்வி கேப்பேன். பிடிக்கலைன்னா பதில் சொல்ல வேணாம். பாதியில எந்திரிச்சுப் போகலாம். யாரும் திட்ட மாட்டாங்க. இப்ப நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பாப்போம்?" அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். குழந்தை தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னால்தான் புரிந்ததாக அர்த்தம்.

ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாளா? "தெரியாது" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாளா? அப்படியென்றால் ரெக்கார்டரை நிறுத்திவிட வேண்டும். 'மௌனம் சம்மதம்' என்ற பழமொழி இங்கே செல்லாது.

பெயரை மாற்றினால் போதாது

'எம். புதுப்பட்டி, 8-ம் வகுப்பு மாணவி. விபத்தில் அப்பாவை இழந்தவர், பாட்டி வீட்டில் வளர்கிறார். பெயர் மாற்றப்பட்டுள்ளது.' வெளியூர்க்காரருக்கு இது யாரென்று தெரியாது. ஆனால், ஊரில் இருப்பவர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஏஜென்ட்டும் ஊரில்தான் இருக்கிறார்.

'சிவகாசி வட்டாரத்தைச் சேர்ந்த பள்ளி மாணவி' என்பதே போதும். முகத்தை மங்கலாக்கினாலும் குரல், சீருடை, பின்னால் தெரியும் கோயில் கோபுரம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். போட்டோவில் பதிவாகும் இருப்பிடத் தகவலையும் நீக்க வேண்டும். நிஜப் பெயரை ஒரு நோட்டிலும், பேட்டியை வெறும் எண்ணோடு வேறிடத்திலும் வைப்பது பாதுகாப்பு.

விசாரணை, வழக்கு தொடர்பான செய்திகளில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தரக் கூடாத வாக்குறுதி

"நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லக் கூடாது. பேச்சினூடே பாலியல் துன்புறுத்தல் பற்றி அவள் சொல்லிவிட்டால், காவல்துறையிடம் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால், அவள் இனி எந்தப் பெரியவரையும் நம்ப மாட்டாள். "உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி செய்றவங்ககிட்ட சொல்லுவேன். அதை உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்பதே நேர்மையான பேச்சு. அப்போது அழைக்க, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 கையில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டு வாசலில் யாராவது மைக்கோடு நின்றால், "எங்கே வரும், ஊர்ப் பேர் போடுவீங்களா, வேண்டாம்னா நீக்குவீங்களா?" என்று கேளுங்கள். பிறகு பிள்ளையிடமும் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால், வந்தவர் எழுந்து போக வேண்டியதுதான்.