மில்லியனில் அச்சிட்ட லாபம், கோடியில் எவ்வளவு?

புதிதாகப் பங்கு வெளியிடும் நிறுவனத்தின் ஐபிஓ விளக்க அறிக்கையைப் புரட்டினால், கணக்கு அட்டவணைகள் பல நேரம் மில்லியன் ரூபாயில் இருக்கும். அதே வெளியீட்டைப் பற்றிய நாளிதழ்ச் செய்தி கோடியில் பேசும். இதில் விதிமீறல் ஏதுமில்லை. மொத்த வருமானம் 100 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் லட்சம், மில்லியன், கோடி என எதில் வேண்டுமானாலும் கணக்குக் காட்டலாம் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். நிதிநிலை அறிக்கைக்குள் ஒரே அலகைத்தான் கடைசிவரை பயன்படுத்த வேண்டும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு நிதிநிலை அறிக்கையோடு சரி. தொழில்துறையைப் பற்றிய அத்தியாயம் பில்லியன் டாலரில் இருக்கலாம்.

அலகு எங்கே எழுதியிருக்கும்? பெரும்பாலும் அட்டவணையின் மேல் மூலையில், பொடி எழுத்தில், ஒரே ஒரு முறை. ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். நிகர லாபம் என்ற வரியில் 456.23 என்று இருக்கிறது. மூலையில் மில்லியன் ரூபாய் என்றிருக்கிறது. ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு கோடி பத்து மில்லியன். ஆகவே பத்தால் வகுக்க வேண்டும்: 45.623 கோடி. மூலையைப் பார்க்காதவர் 456 கோடி என்று படித்துவிடுவார்.

கால்புள்ளி காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். 1,23,456 என்றால் நம் முறை, 123,456 என்றால் சர்வதேச முறை. ஆனால் 99,999 வரை இரண்டிலும் கால்புள்ளி ஒரே இடத்தில்தான் விழும். சுருக்கிய அட்டவணைகளில் பெரும்பாலான எண்கள் அந்த அளவுக்குள் அடங்கிவிடுவதால் கால்புள்ளியை நம்ப முடியாது.

நம்பக்கூடிய சாட்சி அதே பக்கத்தில் இருக்கிறது: ஒரு பங்குக்கான வருமானம். அதை மில்லியனாகச் சுருக்குவதில்லை, நேரடியாக ரூபாயிலேயே தருவார்கள். நம் நிறுவனத்தில் 2,50,00,000 பங்குகள், அதாவது 2.5 கோடி. 45.623 கோடி லாபத்தை அதால் வகுத்தால் 18.25 ரூபாய். அட்டவணையிலும் 18.25 என்றிருந்தால் நாம் படித்தது சரி. 182 ரூபாய் வந்தால் எங்கோ ஒரு சுழியம் கூடிவிட்டது. ஆண்டு நடுவில் புதிய பங்குகள் வந்திருந்தால் சராசரி எண்ணிக்கையால் வகுத்திருப்பார்கள். விடை சற்று விலகும், பத்து மடங்கு விலகாது.

பில்லியனுக்கு நூறால் பெருக்க வேண்டும். ஒரு பில்லியன் 100 கோடி. சந்தையின் அளவு 4.2 பில்லியன் டாலர் என்றால் 420 கோடி டாலர். அவசரத்தில் இதை 420 கோடி ரூபாய் என்று குறித்துக்கொள்பவர்கள் உண்டு. எண்ணை மாற்றுவது ஒரு வேலை, நாணயத்தை மாற்றுவது இன்னொரு வேலை. அடிக்குறிப்பு டாலருக்கு 85 ரூபாய் என்று சொன்னால் அந்தச் சந்தை 35,700 கோடி ரூபாய். நிறுவனத்தின் விற்பனை அதில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுமுன், விற்பனையையும் மில்லியனிலிருந்து கோடிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.