இரத்தச் சோதனையும் ஒரு கணக்கும்

சென்ற ஆண்டு எங்கள் பாலசமுத்திரத்து உறவினர் ஒருவரின் மகன் இரத்த தானம் செய்தான். சில நாட்களில் இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. முதற் சோதனையில் எச்.ஐ.வி. இருக்கக்கூடும் எனத் தெரிகிறது, ஆலோசனை மையத்தில் மறுபடி சோதித்துக்கொள்க என்றார்கள். "சோதனை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாம், தம்பி! இனி என்ன இருக்கிறது?" என்று தந்தையார் என்னிடம் வந்து கண்ணீர் விட்டார். நிச்சயித்த திருமணத்தையும் நிறுத்திவிடத் துணிந்திருந்தார்.

நான் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். நம் நாட்டில் வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இருவருக்கே இக்கிருமி உண்டு. ஆகவே 10,000 பேரைச் சோதித்தால், உண்மையில் கிருமியுள்ளோர் 20 பேர். சோதனை அவர்கள் அனைவரையும் கண்டுபிடித்துவிடுகிறது என்றே கொள்வோம். மீதமுள்ள 9,980 பேர் நலமுள்ளவர்கள். அவர்களில் நூற்றுக்கு ஒருவரை அது தவறாகச் சுட்டினால், ஏறத்தாழ 100 பேர் வீணே அச்சுறுத்தப்படுவர். ஆகச் சுட்டப்பட்டோர் 120. மெய்யாகவே கிருமியுள்ளோர் 20. அதாவது ஆறில் ஒருவர்! இன்றைய சோதனைகள் இதனினும் நுட்பமானவைதாம். ஆயினும் கணக்கின் போக்கு மாறாது. கிருமியுள்ளவரைச் சோதனை தவறவிடாது என்பது வேறு; சோதனை சுட்டியவரெல்லாம் கிருமியுள்ளவர் என்பது வேறு. பெரியவர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார்.

அந்த 120 பேரையும் வேறு வகைச் சோதனைக்கு உட்படுத்தினால், தவறாகச் சுட்டப்பட்ட நூறில் ஒருவரே எஞ்சுவார். இப்போது 21 பேரில் 20 பேர் மெய்யானவர்கள். ஆனால் வகை வேறாயிருத்தல் அவசியம். சோதனை தேடுவது கிருமியை எதிர்த்து உடலில் தோன்றும் பொருளை. அதைப்போன்ற வேறொன்று அதில் ஒட்டிக்கொண்டால் பிழை நேரும். அதே வகையில் திரும்பப் பார்த்தால் அதே பிழை திரும்பவும் வரலாம். இதனாலேயே, நோய்க்குறி ஏதுமில்லாதவருக்கு வெவ்வேறான மூன்று சோதனைகளும் ஒத்துச் சொன்னாலன்றிக் கிருமி உண்டென அரசு மையங்கள் அறிவிப்பதில்லை. நோய்க்குறி உள்ளவருக்கு இரண்டு போதும். அத்தகையோரிடையே கிருமி அரிதன்று அல்லவா?

வேலூரில் 1986-இல் நிகழ்ந்ததும் இவ்வகையே. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனீதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் அறிகுறி தெரிந்தது. இந்தியாவில் அதுவரை எவரிடமும் கண்டறியப்படாத கிருமி! அவர்கள் அந்த ஒரு முடிவை மட்டும் நம்பவில்லை. அமெரிக்காவில் வேறு முறையில் சோதித்து உறுதிப்படுத்திக்கொண்டார்கள். அந்த ஆறும் மெய்யாகவே இருந்தன.

எங்கள் பையன் கதை வேறு. மையத்தில் கிருமி இல்லை என்றே வந்தது. புதிதாகத் தொற்றிய கிருமி சில வாரங்கள் சோதனைக்குப் புலப்படாமலும் இருக்கும் என்பதால், சிறிது காலங்கழித்து மீண்டும் பார்த்தார்கள். அப்போதும் இல்லை. தை மாதத்தில் திருமணம் நடந்தது. பந்தி விசாரிப்பு என் பொறுப்பு.