நூறு பேர் பதிந்தார்கள், வாங்கப்போவது யார்?

கோவையில் வீட்டு மாடிகளில் சோலார் தகடு பொருத்தித் தரும் ஒரு சிறு நிறுவனம், ஞாயிறு காலையில் இலவச வெபினார் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். 'சூரிய ஒளி மின்சாரத்தின் நன்மைகள்' என்று தலைப்பு வைத்தால், புராஜெக்ட் எழுதும் மாணவர்களும் அதே தொழில் செய்கிறவர்களும் வந்து உட்காருவார்கள். 'இரண்டு மாத கரண்ட் பில் ஐயாயிரமா? 3 கிலோவாட் சோலார் போட்டால் எவ்வளவு குறையும்?' என்று கேட்டால் கூட்டம் சிறுக்கும். ஆனால் வருகிறவர் பில்லோடு வருவார்.

வாங்கக்கூடியவர் என்று நம்பி எடுத்துவைக்கும் பெயரையும் எண்ணையும்தான் விற்பனைத் துறையில் 'லீட்' என்கிறார்கள். அந்தச் சலிப்பு பதிவுப் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது. பெயர், வாட்ஸ்அப் எண், கடைசி பில் தொகை, சொந்த வீடா வாடகையா, இவ்வளவு போதும். பத்துக் கேள்வி கேட்டால் பாதிப் பேர் நடுவிலேயே மூடிவிடுவார்கள். பிறகு அழைப்பதற்குச் சம்மதமா என்ற கட்டமும் வேண்டும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை வலியுறுத்துகிறது.

கூட்டத்தில் என்ன பேசுவது? ஒரே ஒரு வீட்டின் கணக்கைக் கடைசிவரை போட்டுக் காட்டினால் போதும். 3 கிலோவாட் அமைப்பு நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம். மாடியில் சுமார் 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நிழல் விழுகிற மாடிக்கு இது ஒத்துவராது என்றும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியம் பத்து விளம்பரத்தைவிட நம்பிக்கை தரும்.

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். கேள்வி நேரம்தான் வியாபார நேரம் என்பதால், பேச்சை இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. கட்டணக் கணக்கென்றால் யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்ற அறிக்கையும் கிடைக்கும். பலர் ஒரே நிமிடத்தில் கிளம்பியிருந்தால், அந்த நிமிடத்தில் என்ன பேசினோம் என்று பதிவைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது விலைப்பட்டியல் முன்கூட்டியே தலைகாட்டிய இடமாக இருக்கும்.

பிறகுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பதிந்த நூறு பேருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிடுகிறார்கள். வந்தவரும் வராதவரும் சேர்ந்து எண்ணைத் தடுத்துவைக்கிறார்கள். கடைசிவரை இருந்து கேள்வி கேட்டவரை அன்று மாலையே, அவர் கேட்ட கேள்வியிலிருந்தே பேச்சைத் தொடங்கி அழைக்க வேண்டும். பதிந்துவிட்டு வராதவருக்கு மறுநாள் காணொளிப் பதிவு போதும். வாடகை வீட்டுக்காரரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஆர்வம் உண்மையா என்று பார்க்க ஒரு சின்ன வேலை கொடுக்கலாம்: "நண்பகலில் மாடியை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார், தண்ணித் தொட்டி நிழல் எங்க விழுதுன்னு பாத்துச் சொல்றோம்." போட்டோ அனுப்பியவர் வீட்டுக்குத்தான் அளவெடுக்க ஆள் போக வேண்டும்.