பழைய வரியா, புதிய வரியா?

ஆண்டுச் சம்பளம் 15 லட்சம். சென்னையில் மாதம் 20,000 ரூபாய் வாடகை, அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000. இப்படி ஒருவருக்கு 2025-26 நிதியாண்டில் எந்த வரிமுறை லாபம்?

புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக 14.25 லட்சத்துக்கு வரி. செஸ் சேர்த்து 97,500 ரூபாய். கணக்கு அவ்வளவுதான்.

பழைய முறையில்தான் வேலை அதிகம். நிலைக்கழிவு 50,000. பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து 80சி பிரிவில் 1.5 லட்சம். மருத்துவக் காப்பீடு 25,000. வாடகைப்படிக்கு முழு வாடகையும் கழியாது. ஆண்டு வாடகை 2.4 லட்சத்தில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதம் போக 1.8 லட்சம்தான் நிற்கும். ஆக மொத்தம் 4.05 லட்சம் கழித்தும் வரி 1,46,640. கிட்டத்தட்ட 49,000 ரூபாய் கூடுதல்!

அவருக்கே சொந்த ஊரில் பெற்றோர் குடியிருக்கும் வீட்டுக்குக் கடன் இருந்து, வட்டி 2 லட்சம் கட்டுகிறார் என்றால்? பழைய வரி 95,160 ஆக இறங்கிவிடும். மிச்சம் வெறும் 2,340 ரூபாய். அதற்காக ரசீதுகளைத் தேடி அலைய வேண்டுமா என்பது அவரவர் பொறுமை.

அலுவலகத்தில் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைப்படியே பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம். கெடு தேதி தாண்டினால் பழைய முறை கிடைக்காது.