முகவரிக்குள் ஓர் எல்லைக்கோடு

ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் உள்ள ஒரு கணினியில் இன்டர்நெட் தடையில்லாமல் வருகிறது. பக்கத்து மேசைக் கணினியோடும் அது பேசுகிறது. ஆனால் நூலகத்தில் இருக்கும் சர்வரை மட்டும் எட்ட மறுக்கிறது. பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்தால் அதே சர்வர் உடனே திறக்கிறது. கேபிளிலும் பழுதில்லை, ஸ்விட்சிலும் பழுதில்லை, சர்வரிலும் பழுதில்லை. உலகத்தின் மறுகோடிக்குப் போகத் தெரிந்த கணினிக்கு மாடிப்படி ஏறத் தெரியவில்லை என்றால், அதன் சப்நெட் மாஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

192.168.10.77 என்று நாம் எழுதும் ஐ.பி. முகவரி, கணினியின் கண்ணுக்கு 32 பிட்டுகள் கொண்ட ஒரே எண். நம் வசதிக்காக அதை எட்டு எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாக எழுதிக்கொள்கிறோம். அந்த 32 பிட்டுகளுக்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதல் பகுதி எந்த நெட்வொர்க் என்பதைச் சொல்கிறது. மிச்சப் பகுதி அந்த நெட்வொர்க்கில் எந்தக் கணினி, அதாவது எந்த ஹோஸ்ட், என்பதைச் சொல்கிறது.

தரைவழித் தொலைபேசியின் எஸ்.டி.டி. எண்ணை நினைத்துப் பாருங்கள். முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டால் எல்லா எண்ணும் பத்து இலக்கம்தான். சென்னைக்கு 44 போக எட்டு இலக்கம், மதுரைக்கு 452 போக ஏழு, காரைக்குடிக்கு 4565 போக ஆறு. ஊர்க்குறியீடு நீண்டால் அந்த ஊருக்குள் கொடுக்கக்கூடிய எண்கள் குறையும். ஐ.பி. முகவரியிலும் இதே கணக்குதான்: நெட்வொர்க் பகுதி நீண்டால் ஹோஸ்டுகளுக்கான இடம் சுருங்கும். ஆனால் ஊர்க்குறியீடு எங்கே முடிகிறது என்பது தொலைபேசி எண்ணின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஐ.பி. முகவரியில் எல்லை எங்கே என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் மாஸ்க்.

தொடக்கத்தில் அது தேவைப்படவில்லை. 1981-இல் வகுத்த முறையில், முகவரியின் முதல் சில பிட்டுகளே அது ஏ, பி, சி ஆகிய வகுப்புகளில் எது என்று காட்டிவிடும். சி வகுப்பு நெட்வொர்க்கில் 254 கணினிகளுக்கு இடம். பி வகுப்பில் 65,534. முந்நூறு கணினி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒன்று போதாது, மற்றது பெரும் வீண். ஒரே பெரிய நெட்வொர்க்கை உள்ளுக்குள் பிரித்துக்கொள்ளும் முறையை 1985 ஆகஸ்டில் ஜெஃப்ரி மொகுலும் ஜான் போஸ்டலும் ஆர்.எஃப்.சி. 950 என்ற ஆவணத்தில் வரையறுத்தார்கள். 1993-இல் வகுப்புகளே கைவிடப்பட்டு, எல்லையை எந்தப் பிட்டிலும் வைக்கலாம் என்றானது.

மாஸ்க்கும் 32 பிட்தான். நெட்வொர்க் பகுதி முழுவதும் 1, ஹோஸ்ட் பகுதி முழுவதும் 0. இடையில் கலந்து வராது. முதல் 26 பிட்டுகள் 1 என்றால் அதை 255.255.255.192 என்றும் எழுதலாம், சுருக்கமாக /26 என்றும் எழுதலாம்.

இப்போது நம் கல்லூரிக்கு வருவோம். அதற்கு 192.168.10.0/24 என்ற நெட்வொர்க் இருக்கிறது. 0 முதல் 255 வரை 256 முகவரிகள். அதை /26 ஆக்கினால் நெட்வொர்க் பகுதிக்குக் கூடுதலாக இரண்டு பிட் போகிறது. நான்கு சப்நெட் கிடைக்கிறது. ஹோஸ்டுக்கு ஆறு பிட் மிஞ்சுகிறது. எனவே ஒவ்வொன்றிலும் 64 முகவரிகள். அலுவலகத்துக்கு 0 முதல் 63, ஆய்வகத்துக்கு 64 முதல் 127, நூலகத்துக்கு 128 முதல் 191, விடுதிக்கு 192 முதல் 255.

ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் முகவரி அந்த நெட்வொர்க்கின் பெயராக நிற்கும். கடைசி முகவரி பிராட்காஸ்ட், அதாவது அந்த சப்நெட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்கானது. இரண்டையும் கணினிக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே 64 போய் 62 ஹோஸ்டுகள். ஆய்வகத்தில் 65 முதல் 126 வரை கொடுக்கலாம். பழைய பாடநூல்கள் சிலவற்றில் சப்நெட்டுகளின் எண்ணிக்கையிலும் இரண்டைக் கழிக்கச் சொல்லியிருக்கும். மாஸ்க் குறிப்பிடாமல் நெட்வொர்க் எண்ணை மட்டும் சொன்ன காலத்தில், முதல் சப்நெட்டின் பெயரும் முழு நெட்வொர்க்கின் பெயரும் ஒன்றாகத் தெரிந்ததால் வந்த வழக்கம் அது. இன்று மாஸ்க்கையும் சேர்த்தே சொல்வதால் அந்தக் கழித்தல் வேண்டாம்.

77 எந்த சப்நெட்டில் இருக்கிறது என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? முகவரியையும் மாஸ்க்கையும் பிட் பிட்டாக ஒப்பிடுகிறது. இரண்டிலும் 1 இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. முதல் மூன்று எண்களுக்கும் மாஸ்க் 255 என்பதால் அவை அப்படியே வரும். கடைசி எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும்.

```
77  = 01001101
192 = 11000000
AND = 01000000 = 64
```

ஆக நெட்வொர்க் 192.168.10.64. தாளில் இதை இன்னும் விரைவாகப் போடலாம். 256-இலிருந்து மாஸ்க்கின் 192-ஐக் கழித்தால் 64. அதுதான் ஒவ்வொரு தொகுதியின் அளவு. 0, 64, 128, 192 என்று எண்ணிக்கொண்டே போய், 77-ஐத் தாண்டாத கடைசி எண்ணில் நின்றால் அதுவே நெட்வொர்க். அடுத்த தொகுதி 128-இல் தொடங்குவதால் அதற்கு முந்தைய 127 பிராட்காஸ்ட்.

கணினி இந்தக் கணக்கைப் போடுவது ஒரே ஒரு முடிவுக்காக: எதிராளி என் சப்நெட்டிலேயே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? உள்ளே என்றால் நேரடியாக அனுப்பும். வெளியே என்றால் கேட்வேயிடம், அதாவது ரௌட்டரிடம், கொடுத்துவிடும். இதில் மாணவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அனுப்பும் பாக்கெட்டுக்குள் மாஸ்க் இருக்காது. எதிராளியின் மாஸ்க் என்ன என்பது அனுப்பும் கணினிக்குத் தெரியவே தெரியாது. தன் மாஸ்க்கை வைத்துத்தான் அது தன் முகவரியையும் அவர் முகவரியையும் அளக்கிறது. எனவே மாஸ்க்கை மாற்றி எழுதினால் அந்த ஒரு கணினியின் தீர்ப்பு மட்டும் பிசகும்.

முதலில் சொன்ன கணினியில் நடந்தது இதுதான். அதன் முகவரி 192.168.10.77, கேட்வே 192.168.10.65, இரண்டும் சரி. மாஸ்க் மட்டும் 255.255.255.192-க்குப் பதிலாக 255.255.255.0 என்று இருந்தது. நூலக சர்வர் 192.168.10.140. தவறான மாஸ்க்கின்படி இரண்டின் நெட்வொர்க்கும் 192.168.10.0 என்றே வருகிறது. ஆகவே சர்வர் தன் அறையிலேயே இருப்பதாக நம்பி, ‘140 யார்?’ என்று கணினி தன் சப்நெட்டில் கூவுகிறது. இதற்கு ஆர்ப் என்று பெயர். அந்தக் கூவலை ரௌட்டர் மறுபக்கம் கடத்தாது. எனவே சர்வரின் காதில் அது விழுவதே இல்லை. இன்டர்நெட் முகவரிகளோ எந்த மாஸ்க்கில் அளந்தாலும் வெளியேதான் இருக்கும். அவை ஒழுங்காக கேட்வே வழியே போய்விடுகின்றன. பக்கத்து மேசை உண்மையிலேயே உள்ளே இருக்கிறது. பழுதாவது இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட முகவரிகள் மட்டுமே.

இதைக் கண்டுபிடிக்க விண்டோஸ் கணினியில் ping போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இப்படி வரும்:

```
Reply from 192.168.10.77: Destination host unreachable.
```

பதில் சொல்வது யார் என்று பாருங்கள். அது அந்தக் கணினியின் சொந்த முகவரி. பாக்கெட் வாசலைத் தாண்டவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. ரௌட்டருக்கு அப்பால் கோளாறு இருந்தால் ரௌட்டரின் முகவரியிலிருந்து பதில் வரும், அல்லது பதிலே வராமல் நேரம் முடிந்துபோகும். அடுத்து ipconfig கொடுத்து மாஸ்க்கைப் பக்கத்துக் கணினியோடு ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும்.

மாஸ்க் தேவைக்கு மேல் நீண்டுவிட்டால் கோளாறு வேறு விதம். ஆய்வகத்தில் 192.168.10.110 என்ற கணினிக்கு /27 என்று எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். தொகுதி அளவு 32. 110 விழுவது 96 முதல் 127 வரையிலான தொகுதியில். அதன் கேட்வேயான 65 அந்த எல்லைக்கு வெளியே போய்விட்டது. வெளியேறும் வாசலே வெளியே இருப்பதால், அந்தக் கணினிக்கு இன்டர்நெட்டும் இல்லை, நூலகமும் இல்லை. அருகில் உள்ள சில கணினிகள் மட்டும் கிடைக்கும்.

எல்லைக்கோடு கடைசி எண்ணில் விழாமல் மூன்றாவது எண்ணுக்குள் விழும்போதுதான் தேர்வுத்தாளில் அதிகம் தடுமாறுகிறார்கள். 172.16.45.200/20 என்று ஒரு கேள்வி. பலர் 172.16.45.0 என்று எழுதிவிடுவார்கள். /20 என்றால் மாஸ்க் 255.255.240.0. 256-இலிருந்து 240 போனால் 16. மூன்றாவது எண்ணில் 0, 16, 32, 48 என்று தாவ வேண்டும். 45 விழுவது 32-இல். நெட்வொர்க் 172.16.32.0. அடுத்தது 172.16.48.0, அதற்கு ஒன்று குறைவான 172.16.47.255 பிராட்காஸ்ட். ஹோஸ்டுகள் 172.16.32.1 முதல் 172.16.47.254 வரை, மொத்தம் 4,094. இந்த வரிசையின் நடுவில் 172.16.40.0, 172.16.39.255 போன்ற முகவரிகளும் வரும். பூஜ்யத்திலும் 255-இலும் முடிந்தாலும் அவை கணினிக்குத் தாராளமாகக் கொடுக்கக்கூடிய முகவரிகளே. நெட்வொர்க்கா பிராட்காஸ்டா என்பதை முடிவு செய்வது ஹோஸ்ட் பிட்டுகள் எல்லாம் 0-வா, எல்லாம் 1-ஆ என்பதுதான். கடைசி எண்ணின் தோற்றம் அல்ல.

சப்நெட்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விடுதிக்கு 100, ஆய்வகத்துக்கு 50, நூலகத்துக்கு 25, அலுவலகத்துக்கு 10 கணினி என்றால் நால்வருக்கும் 64 என்று சமமாகப் பங்கிட முடியாது. விடுதிக்கு அது போதாது. பெரியதிலிருந்து தொடங்குங்கள். 100-க்கு 128 உள்ள தொகுதி: 0 முதல் 127, /25. 50-க்கு 64: 128 முதல் 191, /26. 25-க்கு 32: 192 முதல் 223, /27. பத்துக்கு 16: 224 முதல் 239, /28. கடைசியில் 16 முகவரிகள் கையிருப்பு.

பெரியதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு தொகுதி தன் அளவின் மடங்கில்தான் தொடங்க முடியும். அலுவலகத்துக்கு முதலில் 0 முதல் 15 வரை கொடுத்துவிட்டு, நூலகத்தை 192.168.10.16/27 என்று அடுத்து ஒட்ட நினைத்தால் அது செல்லாது. 16 என்பது 32-இன் மடங்கு அல்ல. /27 மாஸ்க் வைத்து அளந்தால் நெட்வொர்க் 0 என்றே வரும், அலுவலகத்தின் முகவரிகளும் அதற்குள் சிக்கிக்கொள்ளும்.

விடை எழுதி முடித்ததும் ஒவ்வொரு சப்நெட்டுக்கும் மூன்று சோதனை செய்யுங்கள். நெட்வொர்க் எண் தொகுதி அளவின் மடங்கா? பிராட்காஸ்டோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த தொகுதியின் தொடக்கம் வருகிறதா? கேட்வே இந்த எல்லைக்குள் இருக்கிறதா? முதல் இரண்டு சோதனைகள் தேர்வுத்தாளில் பிழையைப் பிடித்துவிடும். மூன்றாவது, வேலைக்குப் போன பிறகு ஒரு துறை முழுவதும் இணைப்பில்லாமல் நிற்பதைத் தடுக்கும்.