கேள்வி முதல் வரிக்கு வரட்டும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் மின்னஞ்சலில் கேள்வி பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும். பள்ளி விடுப்புக் கடிதம் தந்த பழக்கம் அது.

ஒரு மாதிரி. பொருள்: "பில் தொடர்பாக". உள்ளே: "வணக்கம் சார். நேற்று சப்ளையர் போன் செய்தார். பில்லில் நம் ஜிஎஸ்டி எண் தவறாக உள்ளதுபோல் தெரிகிறது. தாங்கள் பார்த்து ஆவன செய்யவும்."

எந்த பில்? எப்போதைக்குள்?

திருத்தியபின் பொருள்: "பில் 412: வியாழன் மாலை 4 மணிக்குள் ஒப்புதல் தேவை". உள்ளே: "வணக்கம் சார். பில் 412-ஐத் திருப்பி அனுப்பலாமா? நம் ஜிஎஸ்டி எண்ணில் கடைசி எழுத்து தவறு. இப்படியே விட்டால் வரி வரவு நமக்குக் கிடைக்காது. பில்லை இணைத்துள்ளேன்."

செல்போனில் பொருள் வரியின் தொடக்கம் மட்டுமே தெரியும். பில் எண் முன்னால் நிற்பது அதனால்தான். அனுப்புமுன் பொருள் வரியையும் முதல் வாக்கியத்தையும் மட்டும் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டலாம். எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், மறுபடி எழுத வேண்டியதுதான்.